நம் கிடங்கில் நனைந்த சரக்கு: விற்றவருக்கு என்ன எழுதுவது?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் பொருள்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்தும் கன்வேயர் இயந்திரங்களைச் செய்து விற்கும் சிறு தொழிற்கூடம் ஒன்று உண்டு. அதன் உரிமையாளர் நான் பணியாற்றிய கிளையில் ரொக்கக் கடன் கணக்கு வைத்திருந்தார். ஜூன் மாதத்தின் ஒரு காலைப் பொழுதில் அவர் கையில் இரண்டு கடித வரைவுகளுடன் என் மேசைக்கு வந்தார். இரண்டும் மோட்டார் விற்ற நிறுவனத்துக்கு எழுதப்பட்டவை. ஒன்று உண்மை; மற்றொன்று அவ்வாறன்று.

நடந்தது இதுதான். அவர் 7.5 கிலோவாட் திறன் கொண்ட 24 மின்மோட்டார்களை வாங்கியிருந்தார். ஒரு மோட்டாரின் விலை வரி நீங்கலாக 30,000 ரூபாய். ஏப்ரல் 10-ஆம் தேதி அனுப்பப்பட்ட சரக்கு 12-ஆம் தேதி வந்து சேர்ந்தது. பெட்டிகள் யாவும் நல்ல நிலையில் இருந்தன. லாரி ரசீதில் எந்தக் குறிப்பும் எழுதாமல் கையெழுத்திட்டு இறக்கிக்கொண்டார்கள். இரும்பு அடுக்குகளில் 18 பெட்டிகளுக்கே இடம் இருந்தது. எஞ்சிய ஆறு தரையில் வைக்கப்பட்டன. அந்தக் கிடங்கு இரண்டு படி இறங்கிச் செல்லும் அமைப்புடையது. ஜூன் 3-ஆம் தேதி இரவு மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் வெடித்தது. தொட்டி குறையக் குறையத் தானியங்கி பம்பு அதை நிரப்பிக்கொண்டே இருந்தது. காலையில் கதவைத் திறந்தபோது தாழ்வான பக்கத்தில் ஏறத்தாழ ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

“சார், மோட்டார் வரும்போதே ஈரமாக இருந்தது என்று எழுதினால் மாற்றித் தந்துவிடுவார்கள் என்று கணக்காளர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் நம் கிடங்கில்தான் நனைந்தது என்று எழுதினால், 24 மோட்டாருக்கும் உத்தரவாதம் கிடையாது என்று கைவிரித்து விடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது” என்றார்.

அவருடைய பயம் பலருக்கும் உள்ளதுதான். நம் தவறால் ஒரு சேதம் ஏற்பட்டது என்று ஒப்புக்கொண்டால் உத்தரவாதம் முழுவதும் போய்விடும் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான உத்தரவாத நிபந்தனைகளை நிதானமாகப் படித்தால் அவை அப்படிச் சொல்வதில்லை என்பது தெரியும்.

அவருடைய கொள்முதல் ஆணையோடு வந்த நிபந்தனைத் தாளை இருவரும் சேர்ந்து படித்தோம். ‘பொருளிலும் தயாரிப்பிலும் உள்ள குறைபாடுகளுக்கு, இயக்கத்துக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து 12 மாதங்கள் அல்லது அனுப்பிய நாளிலிருந்து 18 மாதங்கள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை உத்தரவாதம்’ என்பது முதல் வரி. இயந்திரப் பொருள் வணிகத்தில் இது மிகப் பரவலாகக் காணப்படும் வாசகம். அடுத்த பத்தியில் விலக்குகள் இருந்தன: முறையற்ற சேமிப்பு, நீர் புகுதல், தவறான இணைப்பு, அங்கீகாரம் பெறாதவர் பிரித்தல் ஆகியவற்றால் ‘ஏற்படும் சேதங்களுக்கு’ உத்தரவாதம் பொருந்தாது.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘ஏற்படும் சேதங்களுக்கு’ என்பது. விலக்கு சேதத்தின் காரணத்தைச் சார்ந்து நிற்கிறது; ஆணையில் உள்ள எல்லாப் பொருள்களையும் அது வளைத்துக்கொள்வதில்லை. அடுக்கின் மேல் காய்ந்திருந்த 18 மோட்டார்களை அந்தத் தண்ணீர் தொடவே இல்லை. நனைந்த மோட்டாரிலும்கூடத் தண்ணீரோடு தொடர்பில்லாத தயாரிப்புக் குறை ஒன்று பின்னால் வெளிப்பட்டால், அது குறைதான். ஆனால் அப்போது ‘எல்லாம் தண்ணீரால் வந்தது’ என்று விற்றவர் சொல்வார். அவ்வாறு இல்லை என்று மெய்ப்பிப்பது வாங்கியவருக்குக் கடினமாகிவிடும். எனவே எதை நீர் தொட்டது, எதைத் தொடவில்லை என்பதை இன்றே, பொருள் இயங்கத் தொடங்கும் முன்பே, தேதியிட்டுப் பதிவு செய்துகொள்வதுதான் கடிதத்தின் முதல் நோக்கம். உத்தரவாதம் உண்டா என்று கேட்பது அதன் பின்னரே.

சில ஒப்பந்தங்களில், நிபந்தனை மீறப்பட்டால் ‘உத்தரவாதம் முழுவதும் செல்லாது’ என்றும் எழுதியிருப்பார்கள். அங்கும் பெரும்பாலும் அது ‘அந்தப் பொருளின்’ உத்தரவாதம் என்றே இருக்கும். ‘அந்தப் பொருள்’ எது என்பதற்கு மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள வரிசை எண்ணே விடை. ‘24 மோட்டார்களில் சில நனைந்துவிட்டன’ என்று எழுதும் கடிதம் இந்த விடையைத் தருவதில்லை. அதைப் படிக்கும் விற்பனையாளர் 24 மோட்டார்களையும் ஐயத்தோடு பார்க்க நாமே வழிவகுத்துக் கொடுத்தவர்களாவோம்.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், சரக்கின் உரிமை கைமாறும்போது அதன் இடர்ப்பாடும் வாங்கியவருக்குக் கைமாறுகிறது. ஏப்ரல் 12-ஆம் தேதி குறிப்பேதும் இல்லாமல் பெற்றுக்கொண்ட சரக்கு ஜூன் 3-ஆம் தேதி நம் கிடங்கில் நனைந்தால் அந்த இழப்பு நம்முடையது. இதில் வாதத்துக்கு இடமில்லை. கணக்காளர் சொன்ன வழி நேர்மைக்கு ஒவ்வாதது என்பதோடு, நடைமுறையிலும் நிற்காது. லாரி ரசீதில் குறிப்பில்லை. சரக்கு வரவுப் பதிவேட்டில் ‘நல்ல நிலை’ என்று எழுதியாயிற்று. ஏழு வாரங்கள் கழித்துப் புகார் எழுகிறது. அட்டைப்பெட்டியில் தண்ணீர் நின்ற கோடு தரைமட்டத்துக்கு இணையாகத் தெரிகிறது. லாரியில் மழையில் நனைந்த பெட்டி மேலிருந்து நனைந்திருக்கும். சேவைப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தால் இது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். அதன் பிறகு அந்த வாங்குநர் சொல்லும் எதையும் அந்த நிறுவனம் நம்பாது.

இன்னொரு காரணத்தையும் அவருக்குச் சொன்னேன். அது வங்கியாளனின் காரணம். இதே நிகழ்ச்சியைப் பற்றி அவர் மூவருக்கு எழுத வேண்டியிருந்தது: விற்றவர், காப்பீட்டு நிறுவனம், வங்கி. சரக்கு வங்கிக்கு ஈடாக உள்ளது. காப்பீட்டுப் பத்திரத்திலும் வங்கியின் பெயர் உள்ளது. விற்றவருக்கு ‘வரும்போதே ஈரம்’ என்றும் காப்பீட்டாளருக்கு ‘குழாய் வெடித்தது’ என்றும் எழுதினால், இரண்டும் ஒருநாள் ஒரே மேசையில் சந்திக்கும். காப்பீட்டில் பொய்யான கூற்று கண்டறியப்பட்டால் கோரிக்கை முழுவதுமே தள்ளுபடியாகலாம். தொட்டியும் குழாயும் வெடித்து நீர் பெருகுவதால் நேரும் சேதம் தீ மற்றும் சிறப்பு இடர்களுக்கான காப்பீட்டில் பொதுவாக இடம்பெறும் இடர்தான். அதாவது, உண்மையைச் சொன்னால் கிடைக்கக்கூடிய பணத்தைப் பொய் சொல்லி இழக்கும் நிலை. இதைக் கேட்டதும் இரண்டாவது வரைவை அவர் அங்கேயே கிழித்துப் போட்டார்.

கடிதத்தை எழுதும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எதையும் பிரிக்கக் கூடாது. நனைந்த மோட்டாரைக் கண்டதும் மூடியைக் கழற்றி, துணியால் துடைத்து, வெயிலில் வைத்து, மின்சாரம் கொடுத்து ஓடுகிறதா என்று பார்ப்பது நம் ஊர்களில் இயல்பாகக் கைவரும் செயல். மூன்று வகையில் அது கேடு. ஈரமான சுருளில் மின்சாரம் பாய்ந்தால் உலர்த்திக் காப்பாற்றியிருக்கக்கூடிய மோட்டார் எரிந்துவிடலாம். அங்கீகாரமின்றிப் பிரித்த காரணத்தால் உத்தரவாதத்தின் இன்னொரு விலக்கும் வந்து சேரும். காப்பீட்டு மதிப்பீட்டாளர், அதாவது சர்வேயர், பார்க்க வேண்டிய தடயமும் அழிந்துபோகும். நீரை வெளியேற்றுவது, பெட்டிகளை உயரமான உலர்ந்த இடத்துக்கு மாற்றுவது ஆகியவை சேதம் பெருகாமல் தடுக்கும் செயல்கள்; அவற்றைச் செய்யலாம், செய்தே ஆக வேண்டும். மாற்றுவதற்கு முன் பெட்டிகள் இருந்த இடத்திலேயே, நீர்க்கோடு தெரியும்படி ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் வாடிக்கையாளர் நல்வாய்ப்பாக அதைச் செய்திருந்தார். தாழ்ந்த பக்கத்தில் இருந்த நான்கு பெட்டிகளில் நீர்க்கோடு 20 சென்டிமீட்டர். பெட்டியின் அடியில் உள்ள மரச்சட்டத்தின் உயரம் 8 சென்டிமீட்டர். ஆகவே மோட்டாரின் பாதத்திலிருந்து 12 சென்டிமீட்டர் வரை நீர் நின்றிருக்கிறது. இந்த அளவுள்ள மோட்டாரில் சுழல்தண்டின் மையம் பாதத்திலிருந்து 132 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். அப்படியானால் கீழ்ப்பாதிச் சுருள் ஏறக்குறைய முழுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்திருக்கிறது. மேடான பக்கத்தில் இருந்த மற்ற இரண்டு பெட்டிகளில் கோடு 7 சென்டிமீட்டர்தான். நீர் மரச்சட்டத்தைத் தாண்டவில்லை. ஆக, ஆறு என்று நினைத்தது உண்மையில் நான்காகவும் இருக்கலாம். ஓர் அளவுகோலும் ஒரு படமும் காட்டிய வேறுபாடு இது.

‘மோட்டாரின் பெயர்ப்பலகையில் ஐபி 55 என்று போட்டிருக்கிறதே, நீர் புகாது என்றுதானே பொருள்? புகுந்தால் அது தயாரிப்புக் குறையல்லவா?’ என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த எண்ணின் இரண்டாவது இலக்கமான 5, எத்திசையிலிருந்தும் பீய்ச்சியடிக்கும் நீரிலிருந்து பாதுகாப்பு உண்டு என்பதைக் குறிக்கிறது. நீரில் மூழ்கிக் கிடப்பதற்கான பாதுகாப்பு 7 என்ற இலக்கத்தில்தான் தொடங்குகிறது. இத்தகைய மோட்டார்களில் உள்ளே சேரும் ஈரம் வடிவதற்காக அடியில் சிறு துளைகளும் இருப்பதுண்டு. நீர் வெளியேறும் வழியே, மோட்டார் நீரில் நிற்கும்போது நீர் நுழையும் வழியாகிவிடும். எனவே அந்த வாதத்தைக் கடிதத்தில் சேர்க்கவில்லை. தோற்கக்கூடிய வாதம் ஒன்றைச் சேர்த்தால், பதில் எழுதுபவர் அதை மட்டும் மறுத்துவிட்டு மற்றவற்றுக்கு விடை சொல்லாமல் முடித்துக்கொள்வார்.

ஜூன் 5-ஆம் தேதி கடிதம் மின்னஞ்சலாகவும் பதிவு அஞ்சலாகவும் போயிற்று. பொருளை விற்றவர் ஒரு விநியோகஸ்தர். உத்தரவாதம் தருபவரோ தயாரிப்பாளர். ஆகையால் கடிதம் விநியோகஸ்தரின் பெயருக்கும், படி தயாரிப்பாளரின் சேவைப் பிரிவுக்கும் அனுப்பப்பட்டன. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். விநியோகஸ்தர் நல்லெண்ணத்தோடு ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் சொல் தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்தாது. கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன் சாரம் தமிழில் இது:

‘மேற்குறித்த ஆணையின்படி தாங்கள் அனுப்பிய 24 மோட்டார்களை ஏப்ரல் 12 அன்று நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம். ஜூன் 3 இரவு எங்கள் கிடங்கில் குழாய் வெடித்ததால், தரையில் வைத்திருந்த ஆறு பெட்டிகளைத் தண்ணீர் சூழ்ந்தது. இது எங்கள் சேமிப்பிடத்தில் நேர்ந்தது. தயாரிப்பிலோ போக்குவரத்திலோ குறை இருந்ததாக நாங்கள் கூறவில்லை. ஆறு மோட்டார்களின் வரிசை எண்கள், ஒவ்வொன்றின் நீர்க்கோட்டு உயரம், படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளோம். மற்ற 18 மோட்டார்கள் அடுக்கின் மேல் இருந்தன. அவற்றை நீர் தொடவில்லை. அவற்றின் வரிசை எண்களும் இணைக்கப்பட்டுள்ளன. எந்த மோட்டாரையும் நாங்கள் திறக்கவோ மின்சாரத்தில் இணைக்கவோ இல்லை.

‘கீழ்க்கண்டவற்றுக்குத் தங்கள் எழுத்துமூலமான விடையைக் கோருகிறோம். நீர் தொடாத 18 மோட்டார்களின் உத்தரவாதம் மாற்றமின்றித் தொடர்கிறதா? நனைந்த ஆறையும் தங்கள் அங்கீகாரம் பெற்ற சேவை மையம் எங்கள் செலவில் சோதித்து, தேவையான வேலைகளைச் செய்தால், அவற்றின் உத்தரவாதம் தொடருமா? தொடரும் எனில் எந்தப் பகுதிகள் விலக்கப்படும்? சேவை மையத்தின் வேலைக்குத் தனி உத்தரவாதம் உண்டா? தங்கள் பொறியாளர் வந்து பார்க்கும் நாளைத் தெரிவித்தால் எங்கள் காப்பீட்டு மதிப்பீட்டாளரும் அதே நாளில் வர ஏற்பாடு செய்வோம்.’

இந்தக் கடிதத்தில் ‘பழுது’, ‘தரக்குறைவு’, ‘இலவசமாக மாற்றித் தரவும்’ போன்ற சொற்கள் இல்லாததைக் கவனிக்கலாம். அதேபோல் ‘எங்கள் கவனக்குறைவால்’ என்றும் எழுதவில்லை. நடந்ததைச் சொல்வது ஒன்று; அதற்கு நாமே தீர்ப்பு வழங்குவது வேறொன்று. குழாய் வெடித்தது கவனக்குறைவா, விபத்தா என்பதை விற்றவரிடம் விவாதிக்க வேண்டிய தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது, சேதம் எங்கே நேர்ந்தது என்ற செய்திதான். தவறை மிகையாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும் நடையில் எழுதிய சில கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். அவை பின்னர் காப்பீட்டுக் கோப்பில் சேரும்போது தேவையற்ற கேள்விகளை எழுப்புகின்றன.

ஜூன் 9-ஆம் தேதி பொறியாளரும் சர்வேயரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். சர்வேயர் அனுமதித்த பிறகு, பொறியாளர் ஒவ்வொரு மோட்டாரின் இணைப்புப் பெட்டியையும் திறந்து, 500 வோல்ட் மெக்கர் கருவியால் சுருளுக்கும் உடற்பகுதிக்கும் இடையே உள்ள மின்காப்புத் தடையை அளந்தார். அந்த நிறுவனத்தின் கையேட்டின்படி அது 25 டிகிரி வெப்பநிலையில் 10 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. மேடான பக்கத்து இரண்டும் பல நூறு மெகாஓம் காட்டின. மற்ற நான்கும் ஒரு மெகாஓமைக்கூட எட்டவில்லை. நால்வர் கையெழுத்திட்ட ஒரு குறிப்பில், வரிசை எண்ணுக்கு எதிரே இந்த அளவுகள் எழுதப்பட்டன. கோப்பில் இருந்த தாள்களிலேயே மதிப்புமிக்கது அந்த ஒற்றைத் தாள்தான் என்பது என் கருத்து.

முதலில் வந்த பதில் பயன்படவில்லை. ‘தங்கள் கோரிக்கை தனித்தனியே பரிசீலிக்கப்படும்’ என்று விநியோகஸ்தர் ஒரு வரி எழுதியிருந்தார். விற்பனைப் பிரதிநிதியோ தொலைபேசியில், ‘கவலைப்படாதீர்கள் சார், எல்லாவற்றுக்கும் வாரண்டி உண்டு’ என்றார். இவ்விரண்டில் முன்னது விடையன்று, பின்னது சான்றன்று. தொலைபேசி உரையாடலுக்கு அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புமாறு சொன்னேன்: ‘இன்று தாங்கள் தொலைபேசியில் தெரிவித்ததற்கு நன்றி, கீழுள்ள 24 வரிசை எண்களுக்கும் எதிரே உத்தரவாத நிலையைக் குறித்து அனுப்பினால் எங்கள் பதிவுக்கு உதவும்.’ பட்டியலையும் அவரே தயாரித்து, நிரப்ப வேண்டிய கட்டங்களை மட்டும் காலியாக விட்டு அனுப்பினார். பெரிய நிறுவனங்களில் பதில் எழுதுபவருக்கும் நேரம் குறைவு. நிரப்பினால் போதும் என்ற நிலையில் ஒரு தாளைக் கொடுத்தால் அது திரும்பி வரும்.

ஜூன் 16-ஆம் தேதி அது திரும்பி வந்தது. 18 மோட்டார்களுக்கு உத்தரவாதம் மாற்றமின்றித் தொடரும். மேடான பக்கத்து இரண்டுக்கும் சோதனை அளவுகளின் அடிப்படையில் அவ்வாறே தொடரும். நனைந்த நான்கையும் அங்கீகாரம் பெற்ற மையத்தில் வாங்கியவர் செலவில் உலர்த்தி, பேரிங்குகளை மாற்றினால், சுருளின் மின்காப்பும் பேரிங்குகளும் நீங்கலாக மற்றப் பகுதிகளின் தயாரிப்புக் குறைகளுக்கு உத்தரவாதம் நீடிக்கும். செய்த வேலைக்கு மையம் ஆறு மாத உத்தரவாதம் தரும். இது நியாயமான பதில் என்றே நான் கருதுகிறேன். நீரால் கெடக்கூடிய பகுதிகளை மட்டும் அவர்கள் விலக்கிக்கொண்டார்கள்.

ஒரு செய்தியை மட்டும் அந்தப் பதில் தளர்த்தவில்லை. அனுப்பிய நாளிலிருந்து 18 மாதங்கள் என்ற கெடு, மோட்டார் பெட்டியில் உறங்கினாலும் சேவை மையத்தில் கிடந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஆணைக்கு அது அடுத்த ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிகிறது. சரக்கை மொத்தமாக வாங்கி நீண்ட காலம் கிடங்கில் வைப்பவர்கள் இந்த வரியைத் தங்கள் ஆணைகளில் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

சேவை மையத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ரோட்டாரை வெளியே எடுத்து, சுருளைத் தூய நீரில் கழுவி, சூளையில் 90 டிகிரியில் ஓர் இரவும் பின்னர் 105 டிகிரியில் சில மணி நேரமும் வைத்தார்கள். எடுத்தவுடனேயே வெப்பத்தை உயர்த்தினால் உள்ளே உள்ள நீர் ஆவியாகி மின்காப்பைப் பிளந்துவிடும் என்று மையத்தின் மேற்பார்வையாளர் விளக்கினார். உலரும்போது தடை முதலில் இன்னும் குறைந்து, பிறகு ஏறி, ஓர் அளவில் நிலைகொள்ளுமாம். அது நிலைகொண்ட பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்வார்கள். மூன்று மோட்டார்கள் இவ்வாறு தேறின. நான்காவது தேறவில்லை. அதற்குப் புதிய சுருள் கட்டுவது கட்டுப்படியாகாது என்று கழிவுப் பொருளாக ஒதுக்கப்பட்டது. மூன்றுக்கும் சேர்த்துச் செலவு 13,500 ரூபாய்.

இந்த நான்காவது மோட்டாருக்கு ஒரு வரிக் கணக்கும் இருந்தது. வாங்கும்போது செலுத்திய 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியான 5,400 ரூபாயை அவர் உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருந்தார். அழிந்த அல்லது கணக்கிலிருந்து நீக்கப்பட்ட சரக்குக்கு அந்த வரவு கிடையாது என்பது மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு கூறுவது. எனவே அந்தத் தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டியதாயிற்று. பழுது பார்த்துப் பயன்பாட்டுக்கு வந்த மூன்றுக்கும் அந்தத் தேவை எழவில்லை. சேதமடைந்த சரக்கை அவசரப்பட்டு முழுவதும் கணக்கிலிருந்து நீக்குவோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வங்கிக்குச் சொல்வதில்தான் அவருக்கு மிகுந்த தயக்கம். ஜூன் மாத இறுதிக்கான இருப்பு அறிக்கையில் அந்த நான்கு மோட்டார்களையும் நல்ல சரக்காகக் காட்டலாமா என்று மெல்லக் கேட்டார். கூடாது என்றேன். நான்கின் மதிப்பு 1,20,000 ரூபாய். 25 விழுக்காடு விளிம்புத் தொகை போக, அவர் பணம் எடுக்கும் வரம்பில் குறைவது 90,000 ரூபாய். அவருடைய கணக்கில் அந்த அளவுக்கு இடம் இருந்தது. ஜூலை மாத அறிக்கையில் தேறிய மூன்றும் மீண்டும் சேர்ந்தன. சேதத்தை மறைத்து, பின்னர் இருப்பைச் சரிபார்க்க வரும் அலுவலர் கண்டுபிடித்திருந்தால், பேச்சு 90,000 ரூபாயோடு நின்றிருக்காது. காப்பீட்டுத் தொகை செப்டம்பரில் வந்தது. பத்திரத்தில் உள்ளபடி வாங்கியவர் ஏற்க வேண்டிய பங்கைக் கழித்துக்கொண்டு, ஒதுக்கிய மோட்டாரின் மதிப்பையும் உலர்த்திய செலவையும் தந்தார்கள். கழிவாக விற்றதில் கிடைத்த சிறு தொகையும் அதில் கழிக்கப்பட்டது.

தேறிய மூன்று மோட்டார்களை என்ன செய்வது என்பதில் அவர் தாமே ஒரு முடிவுக்கு வந்தார். அவற்றில் இரண்டைத் தம் தொழிற்கூடத்துச் சொந்த இயந்திரங்களில் பொருத்திக்கொண்டார். மூன்றாவதை ஒரு வாடிக்கையாளருக்கு, வரலாற்றைச் சொல்லி, விலையில் சற்றுக் குறைத்து, தம் பெயரில் ஓராண்டு உத்தரவாதம் எழுதிக் கொடுத்து விற்றார். தயாரிப்பாளர் விலக்கிய பகுதிகளுக்கான பொறுப்பு, இயந்திரத்தை விற்கும்போது அதைச் செய்தவர் மேல் வந்து நிற்கிறது. விற்றவரிடம் நாம் பெறும் பதிலில் உள்ள ஒவ்வொரு விலக்கும் நம் வாடிக்கையாளருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் தாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நவம்பரில் ஒரு நாள் அவர் மீண்டும் கிளைக்கு வந்தார். ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு அவர் விற்ற கன்வேயரின் மோட்டாரில், ஓடத் தொடங்கிய இரண்டாம் மாதமே பேரிங் இரைச்சல் எழுந்திருக்கிறது. தயாரிப்பாளரின் சேவைப் பிரிவுக்குத் தெரிவித்ததும் அங்கிருந்து வந்த முதல் கேள்வி, ‘இது உங்கள் கிடங்கில் நனைந்த சரக்கில் ஒன்றுதானே?’ என்பது. அவர் ஜூன் 16-ஆம் தேதிப் பட்டியலை அனுப்பி, அந்த வரிசை எண் 18-இல் ஒன்று என்பதைச் சுட்டிக்காட்டினார். அடுத்த வாரம் பேரிங் உத்தரவாதத்தின் கீழ் மாற்றித் தரப்பட்டது.

“அந்தத் தாளைக் கடையில் கொடுத்து உறையிட்டு வைத்திருக்கிறேன் சார்” என்றார். கிடங்கின் தரையில் இப்போது மரப்பலகை மேடை போட்டாயிற்று என்றும், பம்பின் தானியங்கிப் பொத்தானை இரவில் அணைத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டு, தாம் வந்த வேலையான காசோலைப் புத்தகத்துக்கான விண்ணப்பத்தை என்னிடம் நீட்டினார்.